அடைப்பு நாசிலில் இல்லை

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்திருப்பார்கள். காலையில் ஓடவிட்ட வேலை முதல் இரண்டு மணி நேரம் அழகாக வந்திருக்கும். அதற்கு மேல் சுவர் மெலிந்து, இடையிடையே ஓட்டை விழுந்து, கடைசியில் பிளாஸ்டிக்கே வராமல் தலை மட்டும் வெறும் காற்றில் கோடு போட்டுக்கொண்டிருக்கும். ஃபிலமென்டைத் தள்ளும் பல்சக்கரம் பிடி கிடைக்காமல் டக், டக் என்று வழுக்கும்.

எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வருவது நாசில் மேல்தான். அதன் துளை வெறும் 0.4 மில்லிமீட்டர். அதில் ஏதோ தூசி சிக்கியிருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பித்தளை நாசிலுக்கு விலையும் அதிகமில்லை. கழற்றிப் புதிதாக ஒன்றைப் போடுகிறார்கள், மெஷின் ஓடுகிறது. அந்த இடத்தில்தான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது.

சென்னையில் நான் பார்த்த ஒரு சின்னக் கடையில் நடந்தது இதுவே. கல்யாணப் பரிசுக்காகப் புகைப்படங்களை வெள்ளை பிளாஸ்டிக் பலகையாக அச்சடித்துக் கொடுப்பார்கள். பின்னால் விளக்கை வைத்தால் பலகையின் தடிமன் கூடிக் குறைவதற்கு ஏற்றபடி நிழலும் வெளிச்சமும் விழுந்து முகம் தெரியும். ஒரு படத்துக்குப் பத்து மணி நேரம்கூட ஆகும். மே மாதம் வந்ததிலிருந்து பாதிப் படங்கள் நடுவிலேயே கெட்டுப்போயின. கடையில் வேலை செய்யும் பையன் உரிமையாளரிடம் சொன்னது: “அண்ணே, நாசில் மாத்தினா நல்லாத்தான் ஓடுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா மறுபடியும் அதேதான்.” அந்த வாக்கியத்திலேயே நோயும் இருக்கிறது, நோய் எங்கே இல்லை என்பதும் இருக்கிறது. புது நாசிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் தூசி சிக்காது. நேரம் ஆக ஆக வளர்கிற ஒன்றுதான் அடைப்பை உண்டாக்குகிறது. அது சூடு.

பிரிண்டரின் தலையை மேலிருந்து கீழே பார்த்தால் புரியும். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபிலமென்ட் கம்பி முதலில் ஹீட்சிங்க் என்கிற, தகடு தகடாகச் செதுக்கிய அலுமினியத் துண்டுக்குள் நுழைகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன விசிறி எப்போதும் காற்றடித்துக்கொண்டிருக்கும். அடியில் ஹீட்டர் பிளாக். அதற்குள் சூடேற்றும் கம்பியும், வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டரும் இருக்கின்றன. பிளாக்கின் அடியில் நாசில் திருகப்பட்டிருக்கும். மேலே உள்ள குளிர்ந்த பகுதியையும் கீழே உள்ள சூடான பகுதியையும் இணைப்பது ஹீட் பிரேக் என்கிற சின்னக் குழாய் ஒன்றுதான். அதன் நடுப்பகுதியில் சுவரை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகக் கடைந்திருப்பார்கள். சூடு மேலே போக வழி குறுகலாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில் செய்வார்கள், அது அலுமினியத்தைப்போல வெப்பத்தை வேகமாகக் கடத்தாது.

வழி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் சூடு நின்றுவிடுவதில்லை. கீழே 210 டிகிரி, மேலே 40 டிகிரி என்றால் சில வாட் வெப்பம் அந்த மெல்லிய சுவர் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். கொதிக்கிற குழம்பில் போட்டு வைத்த எவர்சில்வர் கரண்டியின் காம்பு கொஞ்ச நேரத்தில் கையைச் சுடுவதுபோலத்தான் இதுவும். அப்படி ஏறி வருகிற சூட்டை உடனுக்குடன் அள்ளிக் கொட்டுவது அந்தச் சின்ன விசிறியின் வேலை. அள்ளுவது ஏறுவதைவிடக் குறைந்தால் ஹீட்சிங்க் மெதுவாகச் சூடாகும். இதற்குத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பெயர் ஹீட் கிரீப்.

மேலே சூடானால் என்ன கெட்டுவிடும்? நம் ஊரில் பரவலாக ஓடுகிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் அச்சாவது 190 முதல் 220 டிகிரியில். ஆனால் அது இளகத் தொடங்குவது சுமார் 60 டிகிரியிலேயே. ஃபிலமென்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே அது உருகி வெளியே வருகிறது. மேலே அது விறைப்பான கம்பியாக இருந்து, உருகியதைத் துளை வழியாகத் தள்ளுகிறது. தள்ளுகிற கம்பியே இளகிவிட்டால் பின்னாலிருந்து வருகிற அழுத்தத்தில் நசுங்கிப் பருக்கும். அது போகும் துளை சுமார் 2 மில்லிமீட்டர், கம்பி 1.75. நடுவே இருப்பது கால் மில்லிமீட்டர் இடைவெளி. கம்பி பருத்து அதை அடைத்துக்கொண்டால் சுவரோடு ஒட்டி உராயும், பிறகு நகராது. நாசில் துளை சுத்தமாகத் திறந்திருக்க, அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஒரு தக்கை உருவாகிவிடுகிறது.

நாசிலைக் கழற்றியதும் மெஷின் சரியானதுபோலத் தெரிவதற்குக் காரணமும் இதுதான். நாசிலை மாற்ற வேண்டுமென்றால் ஃபிலமென்டை வெளியே இழுக்கிறோம், தக்கை அதோடு வந்துவிடுகிறது. வேலை நின்றிருக்கும் நேரத்தில் தலையும் ஆறிவிடுகிறது. மறுபடி ஓடவிட்டால் ஆறிய மெஷினிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. குணமானது நாசிலால் இல்லை, ஓய்வால்.

அந்தக் கடையில் காரணம் ஒன்றாக இருக்கவில்லை. நான்கு சின்னக் காரணங்கள் ஒன்று சேர்ந்திருந்தன.

முதலாவது, அறை வெப்பம். விசிறி ஹீட்சிங்கை அறையின் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. காற்றைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அந்த வித்தியாசம் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 25 டிகிரி அறையில் ஹீட்சிங்க் 45இல் நிற்கும், எந்தத் தொல்லையும் இல்லை. மே மாதம் அறை 36 டிகிரி. தூசிக்குப் பயந்து பிரிண்டரை மூடிய மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அடியில் 60 டிகிரியில் பெட் வேறு சூடாகிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் காற்று 45 டிகிரியைத் தாண்டினால் ஹீட்சிங்க் 65க்குப் போய்விடும். பி.எல்.ஏ. இளகும் எல்லையைக் கடக்க அது போதும். மூடிய பெட்டி ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு நல்லது, ஏனென்றால் அது இளகுவது 100 டிகிரிக்கு மேல். பி.எல்.ஏ.வுக்கு, அதுவும் சென்னைக் கோடையில், பெட்டியின் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, விசிறி. தலையில் இரண்டு விசிறிகள் இருப்பது பலருக்குத் தெரிந்தாலும் எது எதற்கு என்பதில் குழப்பம் உண்டு. ஒன்று அச்சான பிளாஸ்டிக் மேல் ஊதும், அதன் வேகத்தை மென்பொருளில் கூட்டலாம், குறைக்கலாம். மற்றொன்று ஹீட்சிங்குக்கு உரியது. ஹாட்எண்ட் சூடாக இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் விசிறி நூறு சதவீதம் என்று காட்டினால் அது முதல் விசிறியைப் பற்றிய செய்தி. இரண்டாவதன் நிலை பெரும்பாலான மலிவு மெஷின்களில் எங்கும் தெரியாது. கடையில் இருந்ததன் இறக்கைகளில் தூசியும் மெல்லிய பிளாஸ்டிக் நூலும் சுற்றியிருந்தன. சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் காற்று வெளிவரும் பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்தபோது அது அசையவே தயங்கியது. சுழல்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றும்போது மின்னழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். 12 வோல்ட் மெஷினில் 24 வோல்ட் விசிறியைப் போட்டால் அது சுழலும், ஆனால் சோம்பலாக.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் சுவாரசியமானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே நுழையும் குளிர்ந்த ஃபிலமென்டும் ஒரு குளிர்விப்பான்தான். மேலே ஏற வரும் சூட்டை அது தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போகிறது. சாதாரண வேலையில் 0.2 மில்லிமீட்டர் அடுக்கில், நொடிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் அச்சடித்தால் ஃபிலமென்ட் நொடிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உள்ளே போகும். புகைப்படப் பலகைக்கு அவர்கள் வைத்திருந்தது 0.12 மில்லிமீட்டர் அடுக்கு, 40 மில்லிமீட்டர் வேகம். கணக்குப் போட்டால் நொடிக்கு 0.8 மில்லிமீட்டர்தான் வருகிறது. சூடான இடத்தில் ஃபிலமென்ட் இரண்டரை மடங்கு நேரம் காத்துக் கிடக்கிறது. நுணுக்கமான, மெதுவான வேலைகளிலேயே இந்த அடைப்பு அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். தரம் வேண்டும் என்று வேகத்தை இன்னும் குறைப்பவர்கள் தெரியாமல் நோயை வளர்க்கிறார்கள்.

நான்காவது, பின்னிழுப்பு. தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது நூல் இழுக்காமல் இருக்க, ஃபிலமென்டைச் சில மில்லிமீட்டர் மேலே இழுத்து மறுபடி தள்ளுவார்கள். இந்த மெஷினில் முதலில் டெஃப்லான் குழாய் நாசில்வரை இறங்கியிருந்தது. பெட்ஜி, ஏ.பி.எஸ். ஓட்டுவதற்காகச் சென்ற வருடம் முழு உலோக ஹீட் பிரேக்கை மாட்டினார்கள். பின்னிழுப்பு அளவை மட்டும் பழைய 6 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். வழுக்கும் டெஃப்லானில் அது ஓடும். எஃகில், உருகிய நுனி ஹீட் பிரேக்கின் மெல்லிய பகுதியைத் தாண்டிக் குளிர்ந்த பகுதிக்கே வந்துவிடும். அங்கே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தாவலிலும் தக்கைக்கு ஒரு பூச்சு சேரும்.

நம் ஊருக்கே உரிய ஐந்தாவது ஒன்றையும் சொல்ல வேண்டும், மின்வெட்டு. அச்சு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹீட்டரும் நிற்கிறது, விசிறியும் நிற்கிறது. ஆனால் பிளாக்கில் 200 டிகிரி அப்படியே இருக்கிறது, அதற்குப் போக்கிடம் மேலேதான். ஃபிலமென்டும் நகராமல் அதே இடத்தில் நிற்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உள்ள மெஷின்களில்கூடக் கரண்ட் வந்த பிறகு பிளாஸ்டிக் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேலை முடிந்த உடனே சுவிட்சை அணைக்கும் பழக்கமும் இதையேதான் செய்கிறது. பெரும்பாலான மெஷின்களில் ஹாட்எண்ட் 50 டிகிரிக்குக் கீழே வந்ததும் விசிறி தானாக நிற்கும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

நாசில் அடைப்பா, மேலே உள்ள அடைப்பா என்று எப்படிப் பிரித்தறிவது? நேரம் முதல் சாட்சி. நாசில் அடைத்திருந்தால் முதல் அடுக்கிலிருந்தே பிளாஸ்டிக் மெலிதாக வரும், அல்லது துளையை விட்டு வந்ததும் ஒரு பக்கமாகச் சுருண்டு நாசில் மேலேயே ஏறும். ஹீட் கிரீப் நன்றாகத் தொடங்கிப் பிறகு கெடும். இரண்டாவது சாட்சி, வெளியே இழுத்த ஃபிலமென்டின் நுனி. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நாசில் அடைப்பில் நுனி மட்டும் உருகிக் கூர்மையாக இருக்கும், அதற்கு மேலே கம்பி சாதாரணத் தடிமனில் தொடரும். ஹீட் கிரீப்பில் நுனிக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பி பருத்து, துளையின் வார்ப்புபோல வழவழவென்று இருக்கும். அதற்கும் மேலே, பல்சக்கரம் ஒரே இடத்தில் கடித்துத் தின்ற பள்ளம் தெரியும். மூன்றாவது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஹீட்சிங்கின் மேல் தகடுகளை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. கீழ்ப் பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோகக் கூடாது.

கடையில் செய்தது இவ்வளவுதான். விசிறி மாறியது. பெட்டியின் கதவு திறந்தது. வெப்பம் 210இலிருந்து 200க்கும், பின்னிழுப்பு 6 மில்லிமீட்டரிலிருந்து 3க்கும் இறங்கின. ஹீட் பிரேக்கின் மேல் மரையில், அதாவது ஹீட்சிங்குக்குள் போகும் மரையில் மட்டும், கணினிக்காரர்கள் பயன்படுத்தும் தெர்மல் பேஸ்டைக் கொஞ்சம் பூசினார்கள். சூடு தகடுகளுக்குச் சீக்கிரம் போய்ச் சேர அது உதவும். கீழ் மரையில் பூசினால் பயன் எதுவும் இல்லை.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு தடங்கல் வந்தது. பையன் ஃபிலமென்டை வேகமாக இழுத்தபோது கம்பி அறுந்து, தக்கை உள்ளேயே நின்றுவிட்டது. இப்போது நாசிலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மேலிருந்து 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் தள்ளினால் தக்கை அடிவழியாக வெளியேற வேண்டும், அதற்கு நாசில் வழிவிட வேண்டும். (இழுப்பதற்கு முன் ஹாட்எண்டை 210இல் ஓரிரு நிமிடம் வைத்து, பல்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, மெதுவாக இழுத்திருந்தால் பெரும்பாலும் முழுதாக வந்திருக்கும்.)

நாசிலை ஆறிய நிலையில் கழற்றக் கூடாது. மரையில் கசிந்து உறைந்த பிளாஸ்டிக் பசைபோலப் பிடித்திருக்கும். பலம் கொடுத்தால் பித்தளையின் கழுத்து முறியும், அல்லது ஹீட் பிரேக்கின் மெல்லிய சுவர் முறுக்கிக்கொண்டு உடையும். மாட்டும்போதும் கடைசி இறுக்கம் சூட்டிலேயே நடக்க வேண்டும். சூட்டில் அலுமினியம் பித்தளையைவிடக் கூடுதலாக விரிகிறது. ஆறிய நிலையில் கெட்டியாக இறுக்கிய நாசில் 200 டிகிரியில் கொஞ்சம் தளர்ந்து நிற்கும். அந்தத் தளர்வின் வழியாக உருகிய பிளாஸ்டிக் கசியும்.

எத்தனை டிகிரி என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஈ3டி நிறுவனம் தன் வி6 ஹாட்எண்டை 285 டிகிரியில் வைத்து இறுக்கச் சொல்கிறது. அது முழு உலோகமானது என்பதால் சரி. டெஃப்லான் குழாய் நாசில்வரை இறங்கும் மெஷினில் அதே எண்ணை வைத்தால் குழாய் கெட்டுப்போகும். மிகையாகச் சூடான டெஃப்லானின் புகை மனிதர்களுக்குக் காய்ச்சல்போன்ற உபாதையைத் தரும், கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். வீட்டில் லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. குழாய் எதுவரை போகிறது என்று தெரியாதவர்கள் 230 டிகிரியைத் தாண்ட வேண்டாம், மரையை இளக்க அது போதும். முழு உலோகம் என்று உறுதியாகத் தெரிந்தால் 250 வைக்கலாம். கைக்குத் தாங்காத 285க்குப் போக வேண்டிய அவசியம் வீட்டு வேலையில் அபூர்வம் என்பது என் கருத்து.

பெட்டின் மேல் பாதியில் நின்ற பொருள் இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். பிளாக்கைச் சுற்றியுள்ள சிலிகான் உறையை ஆறியிருக்கும்போதே உரித்துவிடுவது நல்லது. பிறகு தலையை உயர்த்தி, சூடேற்ற வேண்டும். கணினியிலிருந்து கட்டளை அனுப்புகிறவர்களுக்கு இது போதும்:

```
G28
G1 Z100 F600
M109 S250
```

தலை 10 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் இரண்டு கையும் தாராளமாக அடியில் போகும். டெஃப்லான் மெஷின் என்றால் கடைசி வரியில் `S230`. பெட்டைச் சூடேற்ற வேண்டாம். அதன் மேல் ஒரு பலகையோ தடித்த அட்டையோ போட்டு வைத்தால் விழுகிற சூடான துண்டு கண்ணாடியைக் கெடுக்காது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்துக்கொள்ள வேண்டும், கழன்ற நாசில் அதற்குள்தான் விழ வேண்டும். 250 டிகிரியில் இருக்கும் பித்தளை சிவக்காது, புகையாது, அறை வெப்பத்தில் இருப்பதுபோலவே பளபளக்கும். இந்த வேலையில் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் கழற்றும்போது சுட்டுக்கொள்வதில்லை. கழற்றி வைத்ததை அனிச்சையாகக் கையில் எடுக்கும்போதுதான் சுடுகிறது.

வெப்பம் வந்து ஒரு நிமிடம் நின்ற பிறகு, மெஷினின் சுவிட்சை அணைத்து, பிளக்கிலும் அணைத்துவிட்டு ஸ்பேனரை எடுப்பதையே நான் வலியுறுத்துவேன். பலர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்கிறார்கள். பிளாக்கிலிருந்து வெளிவரும் ஹீட்டர் வயரும் தெர்மிஸ்டர் வயரும் சில மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஸ்பேனர் நழுவி வயரின் உறையைக் கிழித்து இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் 24 வோல்ட் தெர்மிஸ்டர் வழியாகப் பாய்ந்து கட்டுப்பாட்டுப் பலகையையே எரித்துவிடும். மின்சாரத்தை அணைத்த பிறகு பிளாக் ஆறத் தொடங்கும், ஆனால் கழற்றத் தேவையான சூடு ஒரு நிமிடமாவது நிற்கும். பத்தவில்லை என்றால் மறுபடி சூடேற்றிக்கொள்ளலாம். அவசரம்தான் இங்கே எதிரி. அணைத்த நேரத்தில் விசிறி நின்று சூடு மேலே ஏறும் என்பது உண்மையே, ஆனால் உள்ளே ஃபிலமென்ட் முழுக் கம்பியாக இல்லாததால் அந்த ஒரு நிமிடத்தில் புதிதாக ஒன்றும் கெடாது. வேலை முடிந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டால் விசிறி ஓடி ஆற்றிவிடும்.

கழற்ற இரண்டு கருவிகள் வேண்டும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. இடது கையில் திருகி அளவு மாற்றும் ஸ்பேனரால் ஹீட்டர் பிளாக்கை, வயர் இல்லாத பக்கங்களில் கவ்விப் பிடிக்க வேண்டும். அந்தக் கை அசையவே கூடாது. வலது கையில் நாசிலுக்கு உரிய பாக்ஸ் ஸ்பேனர். வி6 வகை நாசிலுக்கு 7 மில்லிமீட்டர், எம்.கே.8 வகைக்கு 6 மில்லிமீட்டர். குறடால் பிடித்தால் பித்தளையின் முனைகள் மழுங்கி அடுத்த முறை எதுவும் பிடிக்காது. அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். பிளாக்கைப் பிடிக்காமல் நாசிலைத் திருப்பினால் பிளாக்கே சுழலும். அந்த முறுக்கை எல்லாம் தாங்க வேண்டியது நாம் மேலே பார்த்த அரை மில்லிமீட்டர் சுவர்.

கையுறை போடுவதென்றால் பருத்தி அல்லது தோல். நைட்ரைல், பாலியெஸ்டர் வகைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் காட்டிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையில் நாசில் கழன்றதும் மறுபடி 210க்குச் சூடேற்றி, ஆலன் கீயை மேலிருந்து மெதுவாகத் தள்ளினோம். தக்கை அடியில் சொட்டாக வந்து விழுந்தது. மேலே வெள்ளையாக, துளையின் அளவுக்குப் பருத்து, அடியில் மட்டும் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. கழற்றிய நாசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாக, சுத்தமாக இருந்தது. பையன் அதைத் தூக்கிப் போடப் போனான். “அதுல ஒண்ணும் இல்லப்பா, எடுத்து வை” என்றார் உரிமையாளர்.

மாட்டும்போது ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும். நாசிலின் மேல் முகம் பிளாக்குக்குள் ஹீட் பிரேக்கின் அடி முகத்தோடு அழுத்தமாகச் சேர வேண்டும். கசிவைத் தடுப்பது அந்தச் சந்திப்புதான், மரை இல்லை. அதனால் முழுதாக இறுக்கிய பிறகும் நாசிலின் அறுகோணத் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். தலை பிளாக்கில் போய் முட்டி நின்றுவிட்டால் உள்ளே சந்திப்பு விழவில்லை என்று அர்த்தம். அப்போது நாசிலைக் கால் சுற்று பின்வாங்கி, ஹீட் பிரேக்கை அது முட்டும்வரை இறக்கி, பிறகு நாசிலை இறுக்க வேண்டும். டெஃப்லான் மெஷினில் குழாயின் முனையும் நாசிலைத் தொட வேண்டும். அதைக் கத்தரியால் கோணலாக வெட்டாமல், கூரான பிளேடால் நேராக வெட்ட வேண்டும்.

முதலில் மிதமாக முடுக்கி, மறுபடி 250க்கு, அல்லது டெஃப்லான் என்றால் 230க்குச் சூடேற்றி, சுவிட்சை அணைத்து, பிளாக்கைப் பிடித்துக்கொண்டு கடைசி இறுக்கம். வி6க்கு ஈ3டி சொல்லும் அளவு 3 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அது. ஒரு விரலால் தள்ளினாலே வந்துவிடும். சைக்கிள் நட்டை முடுக்குகிற பலம் இங்கே வேண்டாம். பித்தளைக் கழுத்து முறிந்து மரை உள்ளே தங்கிவிட்டால் பிளாக்கையே மாற்ற வேண்டி வரும்.

ஹீட்டர் ஓடும்போதே இறுக்குகிறவர்களுக்குத் திரையில் `Thermal Runaway` என்று வந்து மெஷின் நின்றுவிடுவதுண்டு. குளிர்ந்த ஸ்பேனர் சூட்டை உறிஞ்சியதும், தெர்மிஸ்டர் கழன்றுவிட்டதோ என்று மெஷின் சந்தேகப்பட்டு ஹீட்டரை அணைக்கிறது. அது கோளாறில்லை. அந்தப் பாதுகாப்பை மென்பொருளில் எடுத்துவிடச் சொல்லும் யோசனையை யாரும் கேட்க வேண்டாம், தெர்மிஸ்டர் உண்மையிலேயே கழன்ற நாளில் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். இன்னொன்று, சூட்டில் மாற்றுவது எல்லா ஹாட்எண்டுக்கும் பொருந்தாது. ஈ3டியின் ரெவோ போன்றவற்றில் நாசிலும் ஹீட் பிரேக்கும் ஒரே துண்டு, ஆறிய பிறகு விரலாலேயே திருகி எடுக்க வேண்டும்.

புது நாசில் பழையதைவிட ஒரு துளி நீளமாகவோ குட்டையாகவோ இருக்கலாம். அச்சடிக்கும் முன் பெட்டுக்கும் நாசிலுக்கும் உள்ள இடைவெளியை மறுபடி சரிபார்க்காவிட்டால் முதல் அடுக்கிலேயே பெட்டைக் கீறிவிடும். சிலிகான் உறையை உடனே மாட்டாமல் ஒரு சிறிய பொருளை அச்சடித்து, பிளாக்கின் மேற்புறத்தில் ஹீட் பிரேக்கைச் சுற்றியும், அடியில் நாசில் மரையைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஓரிடத்தில் ஈரம்போல மினுங்கினாலும் சந்திப்பு சரியாக விழவில்லை. அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கசிந்தது உருண்டையாகத் திரண்டு வயரையும் தெர்மிஸ்டரையும் சேர்த்து விழுங்கிவிடும். மறுபடி சூடேற்றி இறுக்கிவிட்டு, அதன் பிறகுதான் உறையை மாட்டி நீண்ட வேலையைத் தொடங்க வேண்டும்.